ஏசி போடுவதா, கண்ணாடியை இறக்குவதா? காரின் பெட்ரோல் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி போட்டால் நிஜமாகவே மைலேஜ் குறையுமா? எவ்வளவு குறையும்?

குறையும். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரில், நல்ல வெயிலில் ஏசி முழு மூச்சாக ஓடும்போது மணிக்கு அரை லிட்டருக்கு மேல், முக்கால் லிட்டருக்குள் கூடுதலாகச் செலவாகும். உள்ளே குளிர்ந்து நிதானத்துக்கு வந்தபின் அது 0.4 லிட்டர் அளவுக்கு இறங்கும். இரவில், மழைக்காலத்தில் இன்னும் குறைவு.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஏசியின் கம்ப்ரசரை எஞ்சின்தான் ஒரு பெல்ட் மூலம் சுற்றுகிறது. சின்னக் காரில் அதற்கு முழு வேலையின்போது ஏறக்குறைய 2 கிலோவாட் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் சுழற்சியாக மாற்றித் தரும், மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்ஸர் வழியாகவும் போய்விடும். அதாவது லிட்டருக்கு 3 கிலோவாட்-மணி வேலை கிடைக்கிறது. 2 கிலோவாட் சுமையை ஒரு மணி நேரம் இழுக்க, மூன்றில் இரண்டு பங்கு லிட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு கிலோமீட்டருக்கு இல்லை, மணிக்கு. கார் நகர்ந்தாலும் நின்றாலும் ஏசி கடிகாரத்தைப் பார்த்துத்தான் பெட்ரோல் குடிக்கிறது. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

கண்ணாடியை இறக்கினால் எஞ்சினுக்கு என்ன வேலை? அதில் எப்படி பெட்ரோல் போகும்?

கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணாடி மூடியிருந்தால் காற்று பக்கவாட்டில் ஓரளவு வழுக்கிக்கொண்டு போய்விடும். திறந்திருந்தால் அது உள்ளே புகுந்து, பின்சீட்டில் மோதி, சுழன்று வெளியேறுகிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் சக்தியும் எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும்.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அந்த விசையை வெல்லத் தேவையான சக்தி கனமாக, அதாவது மூன்றாம் அடுக்காக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. அதனால்தான் 40 கி.மீ. வேகத்தில் கண்ணாடியை இறக்கியதன் செலவு கண்ணுக்கே தெரியாது, 120-இல் அது ஏசியையே மிஞ்சக்கூடும்.

ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கு நான் போட்ட கணக்கைத் தருகிறேன். நான்கு கண்ணாடியையும் இறக்கினால் காற்றெதிர்ப்பு சுமார் 15 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் மணிக்கு 0.03 லிட்டர், 60-இல் 0.1, 80-இல் 0.23, 100-இல் 0.46, 120-இல் கிட்டத்தட்ட 0.8 லிட்டர் கூடுதல் செலவு. 15 சதவீதம் என்பது என் அனுமானம். உங்கள் காரின் வடிவத்தைப் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும், ஆனால் ஏறும் விதம் மாறாது.

80 கி.மீ. வேகத்துக்குக் கீழே கண்ணாடி, மேலே ஏசி என்கிறார்களே, அது சரியா?

அந்த 80 எல்லாருக்கும் பொதுவான எண் இல்லை.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், 2009 மாடல் டொயோட்டா கொரோலா ஒன்றையும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றையும் சாலையிலும் சோதனை மேடையிலும் ஓட்டி அளந்தது. முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடும்படி ஏசியை உச்சத்தில் வைத்தபோது, 64 முதல் 113 கி.மீ. வரையான எல்லா வேகங்களிலும், இரண்டு வண்டிகளிலும், கண்ணாடியை இறக்கி ஓட்டுவதைவிட ஏசிதான் அதிகம் குடித்தது. கொரோலாவில் சுமார் 121 கி.மீ. வேகத்தில் இரண்டும் சமமாயின, 129-இல் கண்ணாடியின் செலவு முந்தியது. எக்ஸ்ப்ளோரரில் 113-ஐத் தாண்டியும் ஏசியின் செலவே அதிகமாக இருந்தது.

அப்படியானால் 80 என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை. ‘கம்ப்ரசர் இடைவிடாமல்’ என்ற நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளே குளிர்ந்துவிட்ட காரில் கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். ஏசியின் சுமை குறையக் குறைய, இரண்டும் சமமாகும் வேகமும் கீழே இறங்கும். மேலே சொன்ன ஹேட்ச்பேக் கணக்கிலேயே பாருங்கள். ஏசி மணிக்கு 0.66 லிட்டர் குடித்தால் சமமாகும் வேகம் சுமார் 113. 0.4 லிட்டர் என்றால் 95. குளிர்ந்த இரவில் 0.2 லிட்டர் மட்டும் என்றால் 76.

ஆக, சித்திரை வெயில் மதியத்தில் உங்கள் எல்லைக்கோடு நூற்றுப் பத்துக்கு மேல், மார்கழி இரவில் அதே காருக்கு 80-க்கும் கீழே. யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்த வெயிலில் என்று திருப்பிக் கேளுங்கள்.

நகரத்துக்குள் மெதுவாகத்தானே போகிறேன், அங்கே ஏசி போட்டால் பெரிய நஷ்டம் வராதே?

நேர்மாறு. ஏசியால் மைலேஜ் அதிகம் அடிபடுவது நகரத்துக்குள்தான். ஒரு பயணத்தையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பண்டிகைக்கு முந்தைய நாள், கோயம்பேட்டிலிருந்து திருச்சிக்குக் கிளம்புகிறீர்கள். செங்கல்பட்டு வரை 50 கி.மீ., ஊர்ந்து ஊர்ந்து 2 மணி நேரம். ஏசி இல்லாமல் இந்த நெரிசலில் கார் லிட்டருக்கு 14 தரும் என்று வைத்துக்கொண்டால் 3.6 லிட்டர் ஆகும். ஏசி மணிக்கு 0.6 வீதம் 1.2 லிட்டர் கூட்டும். மொத்தம் 4.8. மைலேஜ் 14-இலிருந்து 10-க்கு வந்துவிட்டது.

செங்கல்பட்டைத் தாண்டியதும் சாலை திறக்கிறது. மீதி 270 கி.மீ., சீராக 80 வேகத்தில் ஏறக்குறைய 3 மணி 25 நிமிடம். ஏசி இல்லாமல் லிட்டருக்கு 20 என்றால் 13.5 லிட்டர். இப்போது உள்ளே குளிர்ந்துவிட்டதால் ஏசி மணிக்கு 0.4 வீதம் குடித்து 1.4 லிட்டர் கூட்டுகிறது. மைலேஜ் 20-இலிருந்து 18 ஆகிறது, அவ்வளவுதான்.

முதல் 50 கிலோமீட்டரும் அடுத்த 270 கிலோமீட்டரும் ஏசிக்காகக் கிட்டத்தட்ட ஒரே அளவு பெட்ரோலைத் தின்றிருக்கின்றன. நெடுஞ்சாலையில் பெரிதாகத் தெரியாத ஏசி நெரிசலில் மட்டும் மைலேஜைத் தின்பதாகத் தோன்றுவது இதனால்தான். வண்டியில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். கடும் வெயிலில், அதுவும் குறுகிய பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கும் மேல் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது.

அதே திருச்சிப் பயணத்தில் நெடுஞ்சாலையில் ஏசியை அணைத்துவிட்டு கண்ணாடியை இறக்கினால் எவ்வளவு மிச்சம்?

80 வேகத்தில் திறந்த கண்ணாடி அந்த 3 மணி 25 நிமிடத்துக்கு சுமார் 0.8 லிட்டர் கேட்கும். ஏசி 1.4 கேட்டது. மிச்சம் 0.6 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் அறுபது ரூபாய்.

அந்த அறுபது ரூபாய்க்காக மூன்றரை மணி நேரம் காற்று இரைச்சலையும், லாரிகளின் புகையையும், தூசியையும் வாங்கிக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். வெப்பத்தில் களைத்த ஓட்டுநர் கவனம் சிதறுவார், நெடுஞ்சாலையில் அது அறுபது ரூபாய் விஷயம் இல்லை. 100 வேகத்தில் போனால் அந்த மிச்சமும் கிடையாது.

பெட்ரோல் மிச்சம்தான் குறி என்றால் அதை நகரத்தில் தேடுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, தாம்பரம் தாண்டும்வரை கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். அந்த வேகத்தில் திறந்த கண்ணாடிக்குச் செலவே கிடையாது, ஏசியின் செலவு முழுதாக மிஞ்சும். மதியம் ஒரு மணிக்கு அதே சாலையில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

வெயிலில் நிறுத்திய காரில் ஏறியதும் ஏசியை முழுதாகப் போடலாமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். நல்ல வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெளியைவிட 20 டிகிரி அதிகம் இருக்கலாம். டேஷ்போர்டைத் தொட்டால் கை சுடும். அந்தக் காற்றைக் குளிர்விப்பதைவிட வெளியே தள்ளுவது மலிவு.

எதிரெதிர்க் கதவுகள் இரண்டைத் திறந்து சிறிது நேரம் விடுங்கள். அப்புறம் நான்கு கண்ணாடியையும் இறக்கி, ப்ளோயரைப் போட்டு, முதல் சில தெருக்களை அப்படியே கடந்துவிடுங்கள். வேகம் குறைவு என்பதால் திறந்த கண்ணாடிக்கு எந்தச் செலவும் இல்லை. உள்ளிருக்கும் அனல் போனதும் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடுங்கள். ‘உள்காற்று’ பொத்தானை அழுத்த வேண்டியது இதற்குப் பிறகுதான். அனல் இருக்கும்போதே அழுத்தினால் அதே அனலைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்வித்துக்கொண்டிருப்பீர்கள்.

உள்காற்று, வெளிக்காற்று: எது சிக்கனம்?

கார் குளிர்ந்தபின் உள்காற்றுதான். கூலிங் காயிலுக்கு 38 டிகிரி வெளிக்காற்றைக் கொடுப்பதற்கும், ஏற்கெனவே 25-க்கு வந்துவிட்ட உள்காற்றைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் வெப்பம் மட்டும் இல்லை. கடற்கரை ஊர்களில் வெளிக்காற்றில் ஈரம் நிறைய. அந்த ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு போகிறது. காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. நாலைந்து பேர் மூடிய காரில் மணிக்கணக்கில் உள்காற்றையே சுவாசித்தால் கரியமில வாயு கூடி தூக்கக் கலக்கம் வரும். அவ்வப்போது சில நிமிடங்கள் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

ஏசி குமிழைக் கொஞ்சம் சூட்டுப் பக்கம் திருப்பி வைத்தால் பெட்ரோல் மிச்சமாகுமா?

காரைப் பொறுத்தது, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கையால் திருப்பும் குமிழ் உள்ள விலை குறைந்த கார்கள் பலவற்றில், அந்தக் குமிழுக்கும் கம்ப்ரசருக்கும் தொடர்பே இல்லை. காயில் எப்போதும்போல உறைநிலைக்குச் சற்று மேல்வரை குளிர்கிறது. நீங்கள் சூட்டுப் பக்கம் திருப்பும்போது, உள்ளே ஒரு மடல் திறந்து, குளிர்ந்த காற்றில் கொஞ்சத்தை எஞ்சின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் வழியாக அனுப்பிக் கலக்கிறது. குளிர்வித்ததைச் சூடாக்குகிறீர்கள், பெட்ரோல் மிஞ்சாது.

அந்த வகைக் காரில் மிச்சம் பிடிக்க வழி ப்ளோயர். அதை 3-இலிருந்து 1-க்குக் குறைத்தால் காயில் வழியாகப் போகும் காற்று குறையும், காயில் சீக்கிரம் குளிரும், சென்சார் கம்ப்ரசரைத் துண்டிக்கும். குளிர் போதும் என்று தோன்றினால் குமிழைத் தொடாமல் காற்றைக் குறையுங்கள்.

டிகிரி எண் வைக்கும் தானியங்கி ஏசி, அதோடு கொள்ளளவு மாறும் கம்ப்ரசர் உள்ள கார்களில் கதை வேறு. அங்கே 20-ஐ 25 ஆக்கினால் கம்ப்ரசர் தன் வேலையைத் தானே குறைத்துக்கொள்ளும்.

என் காரில் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ப்ளோயரை ஒன்றில் வைத்துக் காத்திருங்கள். கம்ப்ரசரின் காந்த கிளட்ச் சேரும்போது முன்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், எஞ்சின் ஒரு கணம் தளர்ந்து மீளும், ஆர்பிஎம் முள் லேசாக அசையும். விடும்போது இன்னொரு ‘டக்’. பானெட்டைத் திறந்து பார்த்தால், பெல்ட்டோடு வெளிவட்டம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், நடுத்தட்டு கிளட்ச் சேரும்போது மட்டும் சுற்றும். பெல்ட்டில் துப்பட்டா, சட்டைக்கை சிக்காமல் தள்ளி நின்று பாருங்கள். கொள்ளளவு மாறும் கம்ப்ரசரில் இந்தச் சத்தம் வராமல் இருப்பது இயல்புதான்.

மாலையில் வெயில் தாழ்ந்து, கார் நன்றாகக் குளிர்ந்தபின்னும் கிளட்ச் விடவே இல்லை என்றால் எங்கோ குறை இருக்கிறது. பெரும்பாலும் முன்பக்கத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் மண்ணும் பூச்சியுமாக அடைத்திருக்கும், அல்லது கேஸ் சற்றுக் குறைந்திருக்கும். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பான காற்று வந்தால் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த நிலையில் ஏசி குளிர்விப்பது குறையும், குடிப்பது குறையாது. கண்டென்சரைக் கழுவும்போது தண்ணீரை மெதுவாக விடச் சொல்லுங்கள், அழுத்தமான பம்பு அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

கேஸ் குறைந்தது என்றால் அது எங்கோ கசிந்திருக்கிறது. கசிவைப் பார்க்காமல் நிரப்பி மட்டும் அனுப்பினால், சில மாதங்களில் திரும்ப அங்கேதான் நிற்பீர்கள்.

பின்கண்ணாடியை மட்டும் இறக்கினால் காதை அடைக்கும் மாதிரி டம்டம் என்று அடிக்கிறதே, ஏன்?

பின்ஜன்னல் விளிம்பைத் தாண்டும் காற்று, சீரான இடைவெளியில் சுழல்களாக உதிர்கிறது. அந்தத் தாளம் காருக்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வோடு பொருந்தும் வேகத்தில், மொத்தக் காரும் காலிப் புட்டியின் வாயில் ஊதியதுபோல அதிரும். எதிர்ப்பக்க முன்கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்குங்கள், நின்றுவிடும்.

கார் கம்பெனி சொல்லும் மைலேஜ் ஏசியோடு எடுத்ததா?

இந்தியாவில் நாம் விளம்பரத்தில் பார்த்துப் பழகிய சான்றிதழ் எண் ஏசி இல்லாமல் ஆய்வகத்தில் எடுத்தது. அமெரிக்காவில் 2008 மாடல் ஆண்டு முதல், 35 டிகிரி வெப்பத்தில் ஏசியைப் போட்டு ஓட்டும் ஒரு சோதனையும் மைலேஜ் கணக்கில் சேர்கிறது. ஆகவே ஷோரூம் எண்ணோடு உங்கள் மே மாத எண்ணை ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். உங்கள் மே மாதத்தை உங்கள் டிசம்பர் மாதத்தோடு, அதே வழித்தடத்தில், டேங்கை முழுதாக நிரப்பி நிரப்பி ஒப்பிடுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது ஏசி போட்டால்?

கிட்டத்தட்ட இலவசம். கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, எஞ்சினோடு கம்ப்ரசரும் சுற்றுகிறது. அது எஞ்சின் பிரேக்கிங்குக்குக் கொஞ்சம் உதவியும் செய்யும். நியூட்ரலில் போட்டு இறங்கினால் இந்த லாபம் கிடையாது, பிரேக்கும் சூடேறும்.

காரை நிறுத்திவிட்டு ஏசியில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு ஆகும்?

சும்மா ஓடும் எஞ்சினே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசியும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். மூடிய ஷெட்டிலோ சுவர் நெருங்கிய இடத்திலோ இதைச் செய்யவே கூடாது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. திறந்த இடத்திலும் தூங்கிவிடாதீர்கள்.

மின்சாரக் காரிலும் இதே கணக்குதானா?

அடிப்படை அதேதான், ஏசி மணிக்கணக்கில் தின்னும். பெல்ட் இல்லை, கம்ப்ரசரை பேட்டரி நேராகச் சுற்றும். எஞ்சினில் வீணாகும் அந்த மூன்றில் இரண்டு பங்கு இங்கே இல்லாததால் ஏசியின் செலவு ரூபாயில் மிகக் குறைவு. ஆனால் கார் ஓடவே குறைந்த மின்சாரம்தான் எடுக்கிறது என்பதால், நெரிசலில் ஏசியின் பங்கு பெரிதாகத் தெரியும். 20 கி.மீ. வேகத்தில் ஊரும் கார் ஓட்டத்துக்கு மணிக்கு 2 கிலோவாட்-மணி எடுத்து, ஏசியும் 1 எடுத்தால், ரேஞ்சில் மூன்றில் ஒரு பங்கு அங்கே போய்விடும். சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் செயலியில் ஏசியைப் போட்டு காரைக் குளிரவைத்துவிடுங்கள். முதல் அனலை இறக்கும் பெரிய செலவு வீட்டு மின்சாரத்தில் முடிந்துவிடும், பேட்டரிக்கு நிதானச் செலவு மட்டும்தான் மிஞ்சும்.